அந்தப் பிள்ளைக்கு நீ கொடுத்த முதல் பொருள்

மகனே,

நீ கட்டிக்கொண்ட சுமதியின் மகள் பவித்ரா தன் காதிலிருந்து கழற்றி, உன்னை நம்பி, உன் உள்ளங்கையில் வைத்த கம்மலை நீ உருக்கிவிட்டாய். திருகாணி தளர்ந்திருக்கிறது, சரிசெய்து தருகிறேன் என்று சொல்லித்தான் வாங்கிப் போனாய். சேலத்தில் ஒரு நகைக்கடையில் அதைப் பழைய தங்கமாகப் போட்டு, மேலே உன் பணத்தையும் சேர்த்து, பெரிய ஜிமிக்கி வாங்கி வந்தாய். அந்தக் கம்மல் செத்துப்போன அவளுடைய அப்பா வாங்கிக் கொடுத்தது. நடந்த தப்பு இதுதான். நம் வீட்டில் ஒருவரும் இதைத் தப்பு என்று சொல்வதில்லை. ஆசையாக வாங்கிக் கொடுத்தான், அந்தப் பிள்ளைக்குத்தான் ஒட்டவில்லை என்று பேசுகிறார்கள். உன் அம்மாவும் அப்படித்தான் பேசுகிறாள். நான் பேசமாட்டேன். நீ எவ்வளவு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாலும் சரி, இது தப்பு, செய்தவன் நீ.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று கேட்பாய். நான் வாயைத் திறந்தால் நீ வண்டியை எடுத்துக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போய்விடுகிறாய். காகிதத்தை வைத்துவிட்டு நான் காட்டுக்குப் போய்விட்டால் நீ படித்துத்தானே ஆகவேண்டும். இதைப் பத்திரிகைக்கும் அனுப்பப்போகிறேன், பெயர்களை மாற்றிவிட்டேன். ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு, அவளோடு வரும் பிள்ளைக்கு முதன்முதலில் என்ன வாங்கிக் கொடுப்பது என்று ஏதாவது கடை வாசலில் இன்னொருவன் நின்றுகொண்டிருப்பான். அவனும் படிக்கட்டும். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. காப்பி மூட்டையில் இருந்த எழுத்தையும் பஸ் பலகையையும் பார்த்துப் பார்த்துத்தான் படிக்கக் கற்றேன். ஆகவே எனக்குச் சுற்றி வளைத்து எழுதத் தெரியாது.

நேற்று உன் அம்மாவிடம், ஒரு சைக்கிள் வாங்கிக்கொண்டு அடிவாரம் போய்ப் பவித்ராவை அழைத்து வந்துவிடுகிறேன் என்று சொன்னாயாம். அதைக் கேட்டதும்தான் இதை எழுத உட்கார்ந்தேன். காலாண்டு லீவுக்குத் தன் தாத்தா வீட்டுக்குப் போன பிள்ளை, பள்ளிக்கூடம் திறந்தும் மலை ஏறவில்லை. வாரக் கடைசிக்குள் முடிவு சொல்லுங்கள், இல்லையென்றால் டி.சி. வாங்கி இங்கேயே சேர்த்துவிடுகிறேன் என்று சம்பந்தி சொல்லிவிட்டார். அப்படி நடந்தால் சுமதி பாதி நாள் அங்கே, பாதி நாள் இங்கே என்று பஸ்ஸிலேயே வாழ்வாள். கொஞ்ச காலத்தில் அந்தப் பாதி முழுசாகிவிடும். அவளுக்கு அந்தப் பிள்ளையைவிட நீ பெரியவன் இல்லை. இருக்கவும் கூடாது. உன் கல்யாணம் நிலைப்பது அந்தப் பிள்ளை திரும்பி வருவதில்தான் இருக்கிறது. அதற்கு நீ சைக்கிள் விலை கேட்டுக்கொண்டிருக்கிறாய்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீ வேறு மாதிரி ஞாபகம் வைத்திருக்கிறாய்.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம் நீ அடிவாரத்துக்குச் சுமதியின் வீட்டுக்குப் போயிருந்தாய். பவித்ராவின் கம்மல் சின்னது. நடுவில் ஒரு சிவப்புக் கல், ஓரம் தேய்ந்து போனது. காதுகுத்தின்போது தாய்மாமன் போட்ட வளையத்தை மாற்றி, அவள் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது அவள் அப்பா வாங்கிப் போட்டதாம். காய்கறி வேன் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். மரை தேய்ந்து திருகாணி நிற்காமல் கழன்றபோது, அவரே மரையில் வெள்ளை நூலைச் சுற்றி, பல்லால் கடித்து அறுத்து, இறுக்கித் திருகிவிட்டிருக்கிறார். அதற்கப்புறம் காமாலை வந்து போய்ச் சேர்ந்துவிட்டார். நீ கம்மலைக் கேட்டபோது அந்தப் பிள்ளை சொன்ன வார்த்தையைச் சுமதி என்னிடம் சொன்னாள். "திருகு மட்டும் மாத்தச் சொல்லுங்க. அந்த நூலைத் தூக்கிப் போட்டுட வேண்டாங்க, அப்பா சுத்துனது." நீ "செரி கண்ணு" என்றிருக்கிறாய். எனக்குத் தெரியாது என்று நீ சொல்ல முடியாது. உன்னிடம் சொல்லப்பட்டது. உன் காதில் விழுந்தது. கடைக்குள் போனதும், அந்த வெளிச்சத்துக்கு முன்னால் நின்றதும், அது கையில் இருக்கும் ஒரு அழுக்குப் பொருளாகிவிட்டது.

கல்யாணம் முடிந்து எல்லோரும் வேனில் கரடியூர் வந்து சேர்ந்தோம். கூடம் நிறைய சொந்தம். நீ சிவப்புப் பெட்டியைத் திறந்தாய். உன் அம்மா எல்லோர் வாயிலும் சர்க்கரை போட்டுக்கொண்டு வந்தாள். உன் சித்தப்பன் மகன் போனைத் தூக்கிப் பிடித்து, கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க என்றான். அந்தப் பிள்ளை ஜிமிக்கியைப் பார்த்தாள். பிறகு உன் கையைப் பார்த்தாள், பெட்டிக்குள் பார்த்தாள், உன் சட்டைப் பையைப் பார்த்தாள்.

"பழசு எங்கீங்க?" என்றாள்.

நீ சிரித்துக்கொண்டே, "அதுதாங்கண்ணு இது" என்றாய்.

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அந்த ஒரு வார்த்தைதான் இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பிள்ளை அழவில்லை. சின்னப் பிள்ளை அழுதிருந்தால் யாராவது என்ன என்று கேட்டிருப்பார்கள். அவள் தலையை ஒரு பக்கம் சாய்த்துக் காதைக் காட்டினாள், நீ மாட்டினாய், போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். அன்றைக்கு நீங்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று என்னைக் கேட்பாய். அந்தப் பிள்ளை நம் வீட்டுக்குள் கால் வைத்த முதல் நாள். அங்கே நானும் நீயும் கத்திக்கொண்டிருந்தால், அதற்குக் காரணம் தான்தான் என்று அவள் நினைத்துக்கொள்வாள். அதனால் திறக்கவில்லை. இன்றைக்கும் அது சரி என்றுதான் சொல்வேன்.

பிறகு தோட்டத்தில் நாம் இருவர் மட்டும் இருந்தபோது கேட்டேன். நீ சொன்ன பதில் எனக்கு மனப்பாடம். "அந்தத் தங்கமும் இதுக்குள்ளதானுங்கப்பா இருக்குது. அவங்கப்பா குடுத்ததும் இருக்குது, நான் குடுத்ததும் இருக்குது. ஒண்ணாக் கலந்துருச்சு. நல்லதுதானுங்களே?" நீ இதை மனசாரத்தான் சொன்னாய், அது எனக்குத் தெரியும். நம் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். பழசைப் போட்டுப் புதுசு எடுத்தால் பழசு புதுசுக்குள் குடியிருக்கிறது என்று நம்புகிறார்கள். பெண்டுகள் தாய்வீட்டு வளையலை அப்படித்தான் மகளுக்குச் சங்கிலியாக்குகிறார்கள். அவர்கள் தங்கள் பொருளை, தங்கள் கையால், தெரிந்து கொடுக்கிறார்கள். அதில் எனக்குப் பேச்சில்லை. ஆனால் உன் நம்பிக்கை எவ்வளவு தூரம் நிஜம் என்று பார்க்க நானே சேலம் போனேன். உன்னிடம் சொல்லவில்லை.

கடையில் நல்ல மரியாதையாகத்தான் பேசினார்கள். பழைய நகை வந்தால் என்ன செய்வோம் என்று கவுண்டரில் இருந்தவர் சொன்னார். முதலில் நூல், அழுக்கு, மெழுகு எல்லாவற்றையும் எடுத்துவிடுவார்களாம். கல்லைப் பெயர்த்து எடுப்பார்களாம், கல்லுக்கு எடை கிடையாது. அப்புறம் வாடிக்கையாளர் கண் முன்னாலேயே உருக்கி, மாற்று பார்த்து, மிச்சத்துக்கு விலை போடுவார்களாம். நீ வாங்கிய ஜிமிக்கி அதற்கு முன்பே செய்து கண்ணாடிக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளையின் கம்மல் மற்றவர்களின் உடைந்த மோதிரத்தோடும் அறுந்த சங்கிலியோடும் சேர்ந்து வேறெங்கோ போய்விட்டது. உன் ஜிமிக்கிக்குள் அவள் அப்பா இல்லை, சாமி. ஒரு துளியும் இல்லை. கல்லாவது கிடைக்குமா என்று கேட்டேன். ஒரு டப்பாவை எடுத்துக் காட்டினார். உள்ளே முழுவதும் சின்னச் சின்னச் சிவப்புக் கல். "இதுல எதுன்னு சொல்றதுங்க? ரெண்டு எடுத்துக்குங்க, பெரியவரே, யாருக்குத் தெரியப்போகுது" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் எடுக்கவில்லை. ஒரு பொய்யை மூடுவதற்கு இன்னொரு பொய்யைக் காதில் போட்டுவிட எனக்குக் கை வரவில்லை. பஸ் மேலே ஏறும்போது வளைவுக்கு வளைவு அந்த டப்பாதான் கண்ணுக்குள் நின்றது.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை அவள் ஜிமிக்கியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து, பெட்டியைச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டாள். பத்திரமாக, மரியாதையாக வைத்தாள். அதன் பிறகு துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவி, ஒடித்து, இரண்டு காதிலும் சொருகிக்கொண்டாள். உன் அம்மா பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, அத்தனை நல்ல நகையை வெச்சுக்கிட்டு வெளக்கமாத்துக் குச்சியா?" என்று கேட்டாள். "தூரு அடஞ்சு போயிருமுங்க, அதுக்குத்தானுங்க" என்றாள் பிள்ளை. காதுத் துளை தூர்ந்து போகாமல் பார்த்துக்கொள்கிறாளாம். எதற்காக என்று உன் அம்மா கேட்கவில்லை. நான் கேட்காமலேயே தெரிந்துகொண்டேன். அந்தக் கம்மல் திரும்பி வரும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

துடைப்பக் குச்சி சொரசொரப்பானது, தூசி பட்டது. நம் பனிக்கும் ஈரத்துக்கும் இரண்டொரு நாளில் காது மடல் சிவந்து வீங்கிவிட்டது. தலை வாரும்போது சுமதியைத் தொடவிடாமல் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தெரிந்த வைத்தியம் வேப்பங்குச்சி. ஆனால் நம் குளிருக்கு வேம்பு வராது. ஆரஞ்சுக் கூடை ஏற்றிக்கொண்டு அடிவாரம் போன அன்று, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மரத்தில் இலைக் காம்பாகப் பார்த்து ஒரு கைப்பிடி ஒடித்தேன். இளசும் இல்லாமல், முற்றலும் இல்லாமல், அவள் காதில் இருந்த குச்சியின் கனத்துக்கே பார்த்து எடுத்தேன். கனமாகப் போட்டால் துளை பெரிதாகிவிடும். வீட்டுக்கு வந்து சின்னச் சின்னதாக நறுக்கி, நுனியைக் கத்தியால் மழித்து, வெந்நீரில் அலசி, கொஞ்சம் தேங்காய் எண்ணெயில் மஞ்சளைக் குழைத்து ஒரு மூடியில் வைத்தேன். அவள் தலை வாரும் ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டேன். கூப்பிடவில்லை, எடுத்துக்கோ என்று சொல்லவில்லை. உனக்காகத் தாத்தா கொண்டுவந்தேன் என்றும் சொல்லவில்லை. நான் அவளுக்குத் தாத்தா இல்லையே. அவளுக்கு ஒரு தாத்தா அடிவாரத்தில் இருக்கிறார், நல்ல மனிதர்.

மறுநாள் பார்த்தேன். காதில் புதுக் குச்சி இருந்தது, எண்ணெய் மினுமினுப்பும் இருந்தது. நான் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இன்னும் சில நாள் கழித்து, மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள். என்னை அவள் எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை.

"ஏனுங்க, குச்சி தீந்துருச்சுன்னா?"

"அடிவாரத்துல மரம் இருக்குது. போறப்பக் கொண்டாறேன்."

"பஸ் ஸ்டாண்டு மரமுங்களா?"

"ஆமா."

"அது எங்க ஊட்டுக்குப் பக்கமுங்க" என்றாள். கொஞ்ச நேரம் நின்று மிளகைக் காலால் தள்ளித் தள்ளி ஒதுக்கிவிட்டுப் போனாள். அவ்வளவுதான் பேச்சு. நம் வீட்டுக்கு வந்த பிறகு, தானாக அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியது அன்றைக்குத்தான்.

இதை நான் என் பெருமைக்காகச் சொல்லவில்லை. எனக்கு இது தெரிந்திருந்தது, அவ்வளவுதான். எனக்கு யார் கற்றுக்கொடுத்தது என்று உனக்கு இதுவரை சொன்னதில்லை. என் அம்மா பிரசவத்தில் போன பிறகு என் அப்பா கிளியூரிலிருந்து சின்னம்மாவைக் கட்டிக்கொண்டு வந்தார். நான் அப்போது முழங்கால் உயரம். புது அம்மா வந்துட்டாங்க, போய்க் காலில் விழு என்று பெண்டுகள் தள்ளினார்கள். நான் வாசல் பாறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். சட்டையில் பொத்தான் இல்லை, பனி அடித்தது, கையால் சட்டையைச் சேர்த்துப் பிடித்திருந்தேன். அந்தச் சட்டை என் அம்மா இருந்தபோது எடுத்தது. சின்னம்மா தண்ணீர் எடுக்கப் போகிற வழியில் என்னைப் பார்த்தாள். குடத்தைக் கீழே வைத்தாள். தன் வளையலில் கோத்து வைத்திருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றி, குத்தாமல் மூடி, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். நான் எடுத்துக்கொண்டேன். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் குத்திக்கொள்கிறேனா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இத்தனை வயதுக்குப் பிறகு யோசித்துப் பார்க்கிறேன். அவள் புதுச் சட்டை கொண்டுவந்திருக்கலாம், கல்யாணப் பெட்டியில் துணி இருந்தது. கொண்டுவந்திருந்தால் நான் அம்மாவின் சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கும். நானே தைத்துத் தருகிறேன் என்று வாங்கியிருக்கலாம். அப்போதும் சட்டை என் கையைவிட்டுப் போயிருக்கும். ஊக்கு எதையும் என்னிடமிருந்து எடுக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்குக் குளிர், அந்தக் குளிருக்கு அது போதும். பிடிக்கவில்லை என்றால் தூக்கிப் போட்டிருப்பேன், யாருக்கும் தெரிந்திருக்காது, அவளுக்கு அவமானமும் இல்லை. நன்றி சொல்ல வேண்டியதில்லை, அம்மா என்று கூப்பிட வேண்டியதில்லை. பல மாதம் கழித்து அந்தச் சட்டையை நானாகக் கொண்டுபோய்க் கொடுத்து, பொத்தான் வைத்துத் தா என்று கேட்டேன். கடைசி வரைக்கும் அவள் எனக்குச் சின்னம்மாதான். அவளுக்குக் கொள்ளி வைத்தது நான்தான், அவள் வயிற்றில் பிறந்தவர்கள் இருந்தும்கூட.

ஒரு பிள்ளைக்கு முதல் பொருள் கொடுக்கிறவன் முதலில் பார்க்கவேண்டியது, இப்போது இதன் கையில் என்ன இல்லை என்பதை. அதன் பிறகு பார்க்கவேண்டியது, கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது, அது யார் கொடுத்தது என்பதை. இரண்டாவதைத்தான் நீ பார்க்கவில்லை. பெரிய பொருள் பெரிய பதிலைக் கேட்கிறது. ஜிமிக்கியைப் போட்டுக்கொண்டால் அந்தப் பிள்ளை உன்னை ஒத்துக்கொண்டதாக ஆகிறது, போடாவிட்டால் உன்னை வேண்டாம் என்று சொன்னதாக ஆகிறது. நாலாவது படிக்கிற பிள்ளை எப்படி அப்படியொரு முடிவை ஊர் முன்னால் சொல்லும்?

நீ அதோடு விட்டிருந்தாலும் ஆறியிருக்கும். பஸ் நிறுத்தத்தில் யாரோ ஒருத்தி, எஸ்டேட்டில் கணக்கு எழுதும் உன்னைப் பார்த்து, "ஏனுங்க ரைட்டரே, புதுசா வந்த புள்ளைக்குக் குச்சிதான் நகையா? எஸ்டேட்டுல சம்பளம் போடறதில்லீங்களா?" என்று கேட்டுவிட்டாளாம். நீ கொதித்துப்போய் வந்தாய். அந்தப் பிள்ளை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நீயே குச்சியை உருவி ஜன்னல் வழியாகக் காப்பிச் செடிக்குள் எறிந்தாய். ஆறிக்கொண்டிருந்த காதில் மறுபடி ரத்தம் கசிந்தது. ஜிமிக்கிப் பெட்டியை அவள் முன்னால் வைத்தாய். "அப்பா சொல்றேன், போட்டுக்க" என்றாய். அந்த வார்த்தையை நீ அவளிடம் உன்னைப் பற்றிச் சொன்னது அதுதான் முதல் தடவை. கோபத்தில் சொன்னாய்.

அவள் எழுந்து நின்று சொன்னாள். "எங்கப்பா செத்துப்போயிட்டாருங்க."

அப்போதும் அந்த 'ங்க'வை விடவில்லை. நீ அதைத் திமிர் என்றாய். நான் அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அதில் திமிர் இல்லை. தகவல் சொல்கிற மாதிரி, உனக்குத் தெரியாதோ என்று சந்தேகப்படுகிற மாதிரிச் சொன்னாள். பிறகு ஒன்று கேட்டாள். "நெசமாவே உருக்கிட்டாங்களாங்க?" நீ வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். சுமதிதான் ஆமாம் என்று தலையாட்டினாள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை காதில் குச்சி சொருகவில்லை. ஜன்னல் திட்டில் மிச்சம் இருந்தது, தொடவில்லை. நான் புதிதாகக் கொண்டுவந்து வைத்தேன், அதுவும் காய்ந்து கருத்துவிட்டது. லீவு விட்டதும் அவள் தாத்தா வந்தார். பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனாள். வாசலில் என்னைப் பார்த்து, "போயிட்டு வாரனுங்க" என்று முறையாகச் சொன்னாள். வருகிறேன் என்ற வார்த்தை அதில் இருக்கிறது என்று நான் இத்தனை நாளும் நம்பிக்கொண்டிருந்தேன்.

இப்போது சைக்கிள். நீ சைக்கிளோடு போனால் அவள் வந்தாலும் வருவாள். தாத்தா வீட்டில் எல்லோரும் போம்மா போம்மா என்பார்கள், அவள் நல்ல பிள்ளை, ஏறி உட்கார்ந்துவிடுவாள். ஆனால் நீ வாங்கிக் கொடுக்கும் ஒவ்வொரு பொருளையும் பார்க்கும்போது, இதற்கு என் கையிலிருந்து எது போகப்போகிறது என்றுதான் அவள் தேடுவாள். அந்தப் பிள்ளைக்கு நீ கற்றுக்கொடுத்திருப்பது அதுதான். அதை எந்தச் சைக்கிளும் அழிக்காது. போன கம்மல் வராது. அதை நான் ஒத்துக்கொண்டுவிட்டேன், எனக்கே இன்னும் வலிக்கிறது, அவளுக்கு எப்படி இருக்கும். அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். நீ அதை நிரப்பப் பார்க்காதே.

ஆகவே இனி நடக்கவேண்டியதை எழுதுகிறேன். இதில் பேரம் கிடையாது.

நீ நாளைக் காலை முதல் பஸ்ஸில் அடிவாரம் போக வேண்டும். தனியாக, வெறுங்கையோடு போக வேண்டும். பழம்கூட வேண்டாம். சம்பந்தி முன்னால், சுமதியின் தம்பி முன்னால், அந்தப் பிள்ளையிடம் சொல்ல வேண்டும்: "சரி பண்ணித் தரேன்னு பொய் சொல்லி வாங்கிட்டுப் போயி நாந்தான் உருக்கக் குடுத்தேன். திரும்பக் கெடைக்காது." இவ்வளவு போதும். ஆசையாகச் செய்தேன் என்று சேர்க்காதே. மன்னிச்சுக்கோ கண்ணு என்று கேட்டு அவள் தலையில் இன்னொரு பாரத்தை வைக்காதே. மலைக்கு வா என்றும் கூப்பிடாதே. சொல்லிவிட்டு, அவள் ஏதாவது கேட்டால் பதில் சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் வந்துவிடு.

அவள் உன்னை மாமா என்று கூப்பிட்டாலும், ரைட்டர் என்று கூப்பிட்டாலும், எதுவும் சொல்லிக் கூப்பிடாவிட்டாலும் நீ திரும்பிப் பார்க்க வேண்டும். அப்பா என்ற வார்த்தையை நீயாக எடுக்கக் கூடாது.

சுமதி செய்யவேண்டியது இரண்டு. ஜிமிக்கிப் பெட்டியைச் சாமி படத்துக்குக் கீழிருந்து எடுத்துத் தன் பீரோவில் வைக்க வேண்டும். விற்கவும் வேண்டாம், நினைவுபடுத்தவும் வேண்டாம். உனக்குச் சங்கடமாக இருக்கும் என்று அவள் துணிப்பெட்டியின் அடியில் புடவைக்குள் மடித்து வைத்திருக்கும் பவித்ராவின் அப்பா போட்டோவை வெளியே எடுத்து, பிள்ளை படிக்கும் இடத்தில் வைக்க வேண்டும். உனக்குச் சங்கடமாக இருந்தால் நீ சங்கடப்படு.

உன் அம்மா, அக்கம்பக்கத்தில் இதைப் பற்றிப் பேசுவதை நிறுத்த வேண்டும். பிள்ளை தானாகக் கேட்காமல் அதன் தலையைத் தொட்டுப் பின்னக் கூடாது.

காதுத் துளை தூர்ந்திருந்தால் தூர்ந்ததாகவே இருக்கட்டும். என்றைக்காவது அவளே கேட்டால், மறுபடி குத்தும்போது மடியில் உட்காரவைக்கிற உரிமை அவள் தாய்மாமனுக்கு. நீ கூட்டத்தில் ஒருவனாக நிற்க வேண்டும்.

எங்கே படிப்பது என்பதைச் சம்பந்தி இந்த வாரமே முடிவு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள நான் போகிறேன். அது என் வேலை. எனக்கு யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லை, இதற்குப் போவேன்.

அவள் வந்தால், வருகிறாள் என்றால், நீ கொடுக்கவேண்டிய பொருள் ஒன்று இருக்கிறது. அவள் இங்கே இருந்த நாள் முழுவதும் பள்ளிக்கூடப் பையைத் தலைமாட்டில்தான் வைத்துப் படுத்தாள், பஸ் வந்துவிடும் என்று காத்திருப்பவர்கள் மாதிரி. ஏனென்றால் நம் சுவரில் உள்ள ஆணி எல்லாம் நம் உயரத்துக்கு அடித்தது. கதவுக்குப் பக்கத்தில், அவள் கைக்கு எட்டும் உயரத்தில், ஒரு ஆணி அடித்து வை. அவள் வருவதற்கு முன்பே அடித்துவிடு. பெயர் எழுதாதே, வர்ணம் பூசாதே, காட்டாதே. அவள் பையை அதில் மாட்டாவிட்டால் ஏன் என்று கேட்காதே. வருஷக்கணக்கில் அது வெறும் ஆணியாகவே இருந்தாலும் பிடுங்காதே.

பவித்ரா செய்யவேண்டியது ஒன்றும் இல்லை.

அப்பா